சக ஊழியரைப் பற்றி ஓயாமல் புலம்புபவருக்கு, யார் பக்கமும் சாயாமல் எழுதும் சிறு பதில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னோடு வேலை செய்யும் ஒருவர் இன்னொரு ஊழியரைப் பற்றித் தினமும் எனக்குச் செய்தி அனுப்பிப் புலம்புகிறார். இருவருமே எனக்கு வேண்டியவர்கள். இதிலிருந்து விலக நான் என்னதான் எழுதுவது?

மூன்று வாக்கியங்கள் போதும். நான் பலமுறை எழுதி, அடித்து, திருத்தி, கடைசியில் நிலைத்த வடிவம் இது:

"இது உங்களை எவ்வளவு அலைக்கழிக்கிறது என்று தெரிகிறது. உங்கள் இருவரோடும் நான் சேர்ந்து வேலை செய்வதால், உங்களுக்குள் யார் சரி என்று நான் எதுவும் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். இதை அவரிடமே கேட்டுவிடுவது நல்லது; எப்படிக் கேட்பது என்று யோசிக்க வேண்டுமானால் சொல்லுங்கள், சேர்ந்து யோசிக்கலாம்."

முதல் வாக்கியம் அவருடைய வருத்தத்தை மட்டுமே ஏற்கிறது. வருத்தத்துக்கு அவர் சொல்லும் காரணத்தை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. இந்த வேறுபாட்டில்தான் பதில் முழுவதும் நிற்கிறது. "அவர் உங்களை இப்படி அலைக்கழிக்கிறாரே" என்று எழுதினால் அது தீர்ப்பு; "இது உங்களை அலைக்கழிக்கிறது" என்று எழுதினால் அது நீங்கள் கண்ணால் பார்க்கும் ஒன்று. எழுவாய் மாறியதும் எல்லாமே மாறிவிடுகிறது.

இரண்டாவது வாக்கியத்தில் நீங்கள் உங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். அவர் புறம் பேசுகிறார் என்றோ, இப்படிப் பேசுவது தவறு என்றோ அதில் ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. "முடியாது" என்று எழுதினால் "ஏன் முடியாது?" என்ற கேள்வி வரும், "மாட்டேன்" என்று எழுதினால் அவரை மட்டும் ஒதுக்குவது போல ஒலிக்கும். "சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன்" என்னும்போது, இது இன்று அவருக்காகப் போட்ட தடை அல்ல, யார் வந்தாலும் இப்படித்தான் என்பது தானாகவே விளங்கிவிடுகிறது.

மூன்றாவது வாக்கியம் கதவைத் திறந்து வைக்கிறது. அது இல்லாவிட்டால் முதல் இரண்டும் சேர்ந்து "போய் வாருங்கள்" என்று சொல்வதாகவே படும். ஆனால் உங்களால் உண்மையிலேயே உட்கார்ந்து யோசிக்க நேரம் ஒதுக்க முடியாது என்றால், அதன் பின்பாதியை எழுதாதீர்கள். வெறும் வாய்ச்சொல்லாக நீட்டிய உதவி, மறுத்ததைவிட அதிகமாக வலிக்கும்.

காரணங்களை விரிவாக எழுதினால் அவர் இன்னும் நன்றாகப் புரிந்துகொள்ள மாட்டாரா? இவ்வளவு சுருக்கம் முரட்டுத்தனமாகத் தெரியாதா?

நீங்கள் தரும் ஒவ்வொரு காரணமும் அவர் பிடித்துக்கொள்ள ஒரு பிடியாகிவிடுகிறது. "எனக்கு இப்போது வேலை அதிகம்" என்றால் நாளை வேலை குறைந்ததும் வருவார். "எனக்கு முழு விவரம் தெரியாது" என்றால் முழு விவரத்தையும் அன்று மாலையே எழுதி அனுப்புவார். அது அவருடைய தவறும் அல்ல, நீங்கள்தான் கேட்டீர்கள். "அவர் என் குழுவில் இருக்கிறார், எனக்குச் சங்கடம்" என்றால், "யாருக்கும் தெரியாது, நமக்குள் இருக்கட்டும்" என்பார். இந்த மூன்று பதில்களுக்கும் அவரிடம் மறுமொழி உண்டு. "இருவரோடும் வேலை செய்கிறேன்" என்பதற்கு மட்டும் மறுமொழி இல்லை, ஏனென்றால் அது வாதம் அல்ல, நிலவரம்.

இன்னொன்றும் உண்டு. எழுத்தில் அனுப்பியது நீங்கள் நினைத்த இடத்திலேயே தங்கிவிடுவதில்லை. அது படம்பிடிக்கப்படலாம், வேறொருவருக்கு அனுப்பப்படலாம், ஆறு மாதம் கழித்து ஒரு விசாரணையில் மேசைமீது வைக்கப்படலாம். நீளமான பதிலில் எங்காவது ஒரு இடத்தில், ஆறுதலுக்காக எழுதிய ஒரு அரை வாக்கியம் அந்த இன்னொருவருக்கு எதிரான சாட்சியாக நிற்கும். அனுப்புவதற்கு முன் நான் செய்து பார்ப்பது ஒன்றே ஒன்று: யாரைப் பற்றிப் பேச்சு நடக்கிறதோ அவரே என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்தால் நான் ஏதாவது ஒரு சொல்லை அழிக்க வேண்டியிருக்குமா? அழிக்க வேண்டியிருந்தால், அதை இப்போதே அழித்துவிடுகிறேன்.

நான் எதுவுமே சொல்வதில்லை. "ம்" கொட்டிக்கொண்டு கேட்கிறேன், அவ்வளவுதான். அதுகூடப் பக்கம் சாய்வதாகுமா?

ஆகும் என்று நான் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முன்பு நான் இருந்த அலுவலகத்தில் மாத அறிக்கை தயாரிக்கும் ஒருவர் என் பக்கத்து இருக்கை. அறிக்கைக்கு வேண்டிய கணக்குகளை இன்னொருவர் அனுப்ப வேண்டும். அவை பெரும்பாலும் வேலை நேரம் முடியும் தறுவாயில்தான் வரும். ஏறக்குறைய ஒரு மாதம், நாளுக்கு ஒருமுறையாவது எனக்குச் செய்தி வரும்: "இன்றைக்கும் ஐந்து மணிக்குத்தான் அனுப்பியிருக்கிறார். வேண்டுமென்றே செய்கிறார். உங்களுக்கே தெரியும்தானே, அவர் எப்படிப்பட்டவர் என்று." நான் "ம்" என்று அனுப்புவேன், சில நாள் "அப்படியா" என்பேன். ஒரு நாள் களைப்பில், பேச்சை முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தில், "ஆமாம், எனக்கும் ஒருமுறை தாமதமாகத்தான் வந்தது" என்று எழுதிவிட்டேன். அது உண்மைதான், ஒரே ஒருமுறை நடந்தது, அதற்குக் காரணமும் இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் குழுக் கூட்டத்தில் அவர் எழுந்து, "இது என் ஒருவனுடைய குறை இல்லை, இவருக்கும் இதே அனுபவம்தான்" என்று என்னைக் கைகாட்டினார். கணக்கு அனுப்புபவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை, "நீங்களுமா?" என்ற வியப்புதான் இருந்தது. ஒரு மாதம் போட்ட "ம்" எல்லாம் அந்தக் கூட்டத்துக்குள் "ஆமாம்" ஆகிவிட்டிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. என் சொற்களை, நான் கொடுத்த அளவைவிடச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டார், அவ்வளவே.

"தானே?", "இல்லையா?", "உங்களுக்கே தெரியும்" என்று முடியும் வாக்கியங்களைக் கவனியுங்கள். நம் பேச்சில் இவை ஒப்புதல் கேட்கும் வால்கள். அவற்றுக்குப் பின் வரும் "ம்" என்பது "கேட்கிறேன்" என்ற "ம்" அல்ல, "சரி" என்ற "ம்" என்றே எடுத்துக்கொள்ளப்படும். வால் இல்லாத வாக்கியத்துக்கு "ம்" கொட்டலாம். வால் வைத்த வாக்கியம் வந்தால், அதுதான் மேலே சொன்ன பதிலை அனுப்ப வேண்டிய நேரம்.

கட்டைவிரல் உயர்த்திய படத்தையோ சோக முகத்தையோ போட்டுவிட்டால்?

கட்டைவிரல் ஒப்புதல், அதைப் போடாதீர்கள். சோக முகம் அவ்வளவு கெடுதல் இல்லை என்றாலும், எதற்காகச் சோகம் என்பதைப் பெறுபவர் தம் விருப்பப்படி நிரப்பிக்கொள்வார். சொற்களில் எழுதுவதுதான் பாதுகாப்பு.

புலம்பித் தீர்த்தால் மனம் ஆறும் என்பார்களே. காது கொடுக்காமல் இருப்பது கல்நெஞ்சம் ஆகாதா?

ஒருமுறை கேட்பதற்கும் ஓயாமல் கேட்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. நடந்த அன்று, சூடு ஆறாமல் ஒருவர் வந்து கொட்டினால், கேளுங்கள். அது மனிதருக்கு மனிதர் செய்ய வேண்டியது. இந்தப் பக்கத்தில் நான் சொல்வதெல்லாம், அதே கதை அதே முடிவோடு நான்காம் ஐந்தாம் முறை வரும் நிலையைப் பற்றியது.

கொட்டினால் கோபம் குறையும் என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில் 600 கல்லூரி மாணவர்கள் பங்கேற்றார்கள். அவர்களுடைய கட்டுரையை மோசமாக விமர்சித்து முதலில் கோபமூட்டினார்கள். பிறகு ஒரு பகுதியினரிடம், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரிடம் உடற்பயிற்சியை நினைத்துக்கொண்டு குத்தச் சொன்னார்கள். மீதிப் பேரை ஒன்றும் செய்யாமல் உட்கார வைத்தார்கள். கோபமூட்டியவரை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடம் பிறரைத் தாக்கும் போக்கு அவர்களைவிடக் குறைவாக இருந்தது. குத்துப்பையும் அலுவலகப் புலம்பலும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் "அவரையே நினைத்துக்கொண்டு" என்ற பகுதி இரண்டுக்கும் பொது.

அதே ஆண்டு அமாண்டா ரோஸ் என்ற ஆய்வாளர், பள்ளிப் பருவத்து நண்பர்கள் ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பச் சேர்ந்து பேசுவதைப் பற்றி எழுதினார். அப்படிப் பேசுவோரின் நட்பு நெருக்கமாக இருந்தது. கூடவே அவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாகக் காணப்பட்டன. அவர் ஆராய்ந்தது பிள்ளைகளை. பெரியவர்களுக்கு அதை அப்படியே பொருத்த நான் துணிய மாட்டேன். ஆனாலும் இந்தச் சேர்க்கை எனக்கு ஒன்றை விளக்கியது: சேர்ந்து புலம்பும்போது நெருக்கம் உண்மையாகவே வளர்கிறது, அதனால்தான் நிறுத்தக் கடினமாக இருக்கிறது. நீங்கள் விலகும்போது அவர் இழப்பது ஒரு செவியை மட்டும் அல்ல, அந்த நெருக்கத்தையும்தான். அதனால்தான் மூன்றாவது வாக்கியம் வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன்.

இருவரும் எதிரெதிரேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என்னிடம் ஏன் வருகிறார்?

மர்ரி போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், குடும்பங்களைக் கவனித்து இதை முக்கோணம் என்று விளக்கினார். இருவருக்கு இடையே இறுக்கம் ஏறும்போது, அதைத் தாங்க இயலாதவர் மூன்றாவது ஆள் ஒருவரை உள்ளே இழுக்கிறார். இறுக்கம் மூவருக்குள் பரவுவதால் சற்று நேரம் நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதி காரணமாகவே, முதல் இருவரும் பேசித் தீர்க்க வேண்டியது தீராமல் கிடக்கிறது. அலுவலகத்திலும் இதே நடப்பதை நான் கண்டிருக்கிறேன்: என்னிடம் கொட்டியதால் அன்றைய நாளை ஓட்ட அவருக்குத் தெம்பு வந்தது, ஓட்ட முடிந்ததால் அவரிடம் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. நான் உதவுகிறேன் என்று நினைத்த ஒரு மாதமும், நான் அந்தப் பிரச்சினைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நடுநிலையாக இருக்கத்தான் நான், "தவறு இரண்டு பேர் மீதும் இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறேன். அது போதாதா?

அது நடுநிலை அல்ல; ஒரே மூச்சில் வழங்கிய இரண்டு தீர்ப்புகள். புலம்பியவருக்குத் தன்னையும் குற்றம் சொன்னீர்கள் என்ற வருத்தம் வரும்; இல்லாதவரைப் பற்றியோ நீங்கள் குறை சொன்னதாகப் பதிவாகிவிடும்.

இதே வகையில் இன்னும் இரண்டு வாக்கியங்கள் நல்ல எண்ணத்தோடு வந்து கெடுக்கும். "அவர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்" என்பது இல்லாதவருக்காக வாதாடுவது. அதைக் கேட்டதும் புலம்புபவர், வேண்டுமென்றேதான் செய்தார் என்று நிரூபிக்கப் பழைய கதைகளைத் தோண்டத் தொடங்குவார். பேச்சு நிற்பதற்குப் பதில் இரண்டு மடங்காகும். "கொஞ்சம் பொறுத்துப் போங்கள்" என்பதும் தீர்ப்புதான், ஏனென்றால் நடந்தது பொறுக்கத்தக்க அளவு சின்ன விஷயம் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். அது சின்னதா பெரியதா என்பது உங்களுக்குத் தெரியாது. எனவே இரண்டு பேருடைய எண்ணத்தையும், நடந்ததன் அளவையும் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பதே சாயாமல் இருப்பது.

"அப்படியென்றால் நீங்கள் அவர் பக்கமா?" என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டார். என்ன சொல்ல?

"இல்லை. அவர் வந்து உங்களைப் பற்றிச் சொன்னாலும் இதையேதான் சொல்வேன்."

இதற்குமேல் ஒரு சொல் வேண்டாம். இந்தப் பதிலின் வலிமை, அவரைக் காப்பாற்றும் விதியும் இதுவே என்று காட்டுவதில் இருக்கிறது. அவர் கொஞ்சம் யோசித்தால், தன் முதுகுக்குப் பின்னால் தன்னைப் பற்றி யாரும் வந்து பேசினாலும் நீங்கள் ஒத்து ஊத மாட்டீர்கள் என்பது அவருக்கே ஓர் ஆறுதல். ஆனால் அதை நீங்கள் விளக்கக் கூடாது. விளக்கினால் பாடம் நடத்துவது போலாகிவிடும்.

அவர் மறுபடி மறுபடி கேட்டால், அதே வாக்கியத்தை அதே குரலில் சொல்லுங்கள். சொல்லும் முறையை மாற்றிக்கொண்டே போனால், சரியான விதத்தில் கேட்டால் வேறு பதில் கிடைக்கும் என்று அவர் நினைப்பார். முதல் தடவை இளகி, இரண்டாம் தடவை சலித்து, மூன்றாம் தடவை கடிந்துகொள்ளும்போது, அவர் நினைவில் தங்குவது அந்த மூன்றாவது மட்டும்தான்.

அவர் சொல்வது உண்மை. நானே கண்ணால் பார்த்தேன். உண்மை தெரிந்தும் வாய் மூடியிருப்பது கோழைத்தனம் இல்லையா?

இந்தக் கேள்விதான் என்னை நெடுநாள் உறுத்தியது. நான் வந்து சேர்ந்த இடம், சாட்சியாக இருப்பதும் தீர்ப்புச் சொல்வதும் வேறு வேறு என்பது. கணக்கு ஐந்து மணிக்கு வந்தது என்பது நீங்கள் பார்த்தது. அவர் சோம்பேறி, வேண்டுமென்றே செய்தார், மதிப்பதே இல்லை என்பதெல்லாம் நீங்கள் பார்த்தவை அல்ல. முதலாவதைச் சொல்ல வேண்டிய இடம் வந்தால் சொல்லத்தான் வேண்டும், ஆனால் அதற்குரியவரிடம், அவர் கேட்கும்போது, பார்த்த அளவுக்கு மட்டும்.

அப்போது பதிலில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "நான் நேரில் பார்த்ததை, பொறுப்பில் இருப்பவர் கேட்டால் உள்ளபடி சொல்வேன்." இது அவரைக் கைவிடவில்லை என்றும் காட்டுகிறது, புலம்பலுக்குத் துணைபோகவில்லை என்றும் காட்டுகிறது. சொன்னால் செய்ய வேண்டும். கேட்கும் நாளில் "எனக்கு நினைவில்லை" என்று நழுவப் போகிறீர்கள் என்றால், இதை எழுதாமலிருப்பதே நேர்மை.

புலம்புபவர் என்னைவிட மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். அவரிடம் இப்படி எழுத வாய் வரவில்லையே?

"அக்கா" என்று அழைப்பதாலேயே, அக்காவுக்கு ஆதரவாக நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உடன் வந்துவிடுகிறது. அந்த உறவுச் சொல்லை விட்டுவிட்டு, திடீரென்று பதவிப் பெயருக்கோ "மேடம்" என்பதற்கோ மாறாதீர்கள்; பதிலில் உள்ள மறுப்பைவிட அந்த மாற்றம்தான் அவரைச் சுடும். "அக்கா, உங்களுக்கு மனசு கஷ்டமாக இருப்பது தெரிகிறது. அவரோடும் நான் வேலை செய்ய வேண்டியிருப்பதால் இதில் நான் ஒன்றும் சொல்லாமல் இருந்துகொள்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்" என்று எழுதலாம். "இருந்துகொள்கிறேன்" என்பதில் தன்னடக்கம் இருக்கிறது. அதே சமயம் அனுமதி கேட்பதாக அது இல்லை. "சொல்லாமல் இருக்கலாமா அக்கா?" என்று எழுதினால் "கூடாது" என்று அவர் சொல்ல இடம் கொடுத்துவிட்டீர்கள்.

புலம்புபவர் உங்கள் மேலதிகாரியாகவே இருந்தால் நிலைமை கடினம். அவர் உங்களுக்கு வேலை ஒதுக்குபவர், உங்களை மதிப்பிடுபவர். அங்கே மறுப்பை வாக்கியமாகச் சொல்லாமல், பேச்சை வேலையின் பக்கம் திருப்புவதுதான் எனக்குத் தெரிந்து ஓரளவு பலிக்கும் வழி: "அந்தக் கணக்கு நேரத்தில் வர நான் ஏதாவது செய்ய வேண்டுமா, சார்?" அவர் ஆளைப் பற்றிப் பேச, நீங்கள் வேலையைப் பற்றிக் கேட்கிறீர்கள். இது எல்லா நேரமும் பலிக்காது. பலிக்காத நாளில் குறைந்தபட்சம் ஒப்புதல் சொல்லாமல் இருங்கள்.

எப்போது இந்தப் பதிலை அனுப்பவே கூடாது?

அவர் சொல்வது குணத்தைப் பற்றிய எரிச்சல் அல்ல, தீங்கைப் பற்றிய செய்தி என்று தெரிந்தால். பாலியல் தொல்லை, மிரட்டல், கை ஓங்குதல், சாதியையோ மதத்தையோ நிறத்தையோ உடல் குறையையோ சொல்லி இழிவுபடுத்துதல், கணக்கில் மோசடி, பிறர் உயிருக்கு ஆபத்தான அலட்சியம்: இவற்றில் எதுவாக இருந்தாலும் "உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள்" என்று சொல்வது நடுநிலை ஆகாது. பாதிக்கப்பட்டவரைத் திருப்பி அதே ஆளிடம் அனுப்புகிறீர்கள்.

எரிச்சலையும் தீங்கையும் எப்படிப் பிரிப்பது என்றால், நான் மூன்றைக் கவனிப்பேன். பேசுபவர் பயப்படுகிறாரா, கோபப்படுகிறாரா? நேரில் கேட்டால் அவருக்குக் கெடுதல் வருமா, வெறும் சங்கடம் மட்டும்தானா? அவர் சொல்வதில் நாள், இடம், சொன்ன சொல் என்று குறிப்பான சம்பவம் இருக்கிறதா, "எப்போதும் இப்படித்தான்" என்பது மட்டுமா? பயமும் கெடுதலும் சம்பவமும் ஒன்றுசேரும் இடத்தில், எழுத வேண்டியது வேறு: "இது நீங்கள் தனியாகத் தாங்க வேண்டிய விஷயம் இல்லை. நடந்ததைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்கப் போகும்போது நானும் வருகிறேன்." மூன்றில் ஒன்று மட்டும் தெரிந்தாலும் அவசரப்பட்டு மறுப்பை அனுப்பாதீர்கள், நேரில் உட்கார்ந்து ஒரு தடவை முழுதாகக் கேளுங்கள். புலம்பல் என்று தோன்றுவதற்குள் இந்த வகைச் செய்தி ஒளிந்திருப்பது உண்டு, ஏனென்றால் பலருக்கு அதை நேராகச் சொல்ல வார்த்தை வருவதில்லை.

அந்த இன்னொருவரிடம், "உங்களைப் பற்றி இப்படிப் பேசுகிறார்" என்று ஜாடையாகச் சொல்லி வைக்கலாமா?

வேண்டாம். சொன்ன நொடியில் நீங்கள் தூது போகத் தொடங்கிவிடுகிறீர்கள். நாளையே மறுமொழி கொண்டுபோகும்படி கேட்பார். நல்லது செய்கிறோம் என்ற எண்ணத்தில்கூட வேண்டாம்.

பதிலை அனுப்பினேன். அவர் இரண்டு நாளாக என்னிடம் பேசவே இல்லை. தவறு செய்துவிட்டேனா?

இரண்டு மூன்று நாள் மௌனம் வரத்தான் செய்யும். அவருக்கு நீங்கள் சொன்னது, எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும், ஒரு மறுப்புதான். அதை ஜீரணிக்க அவருக்கு இடம் வேண்டும். அந்த நாள்களில் விளக்கம் சொல்லியோ மன்னிப்புக் கேட்டோ இன்னொரு செய்தி அனுப்பாதீர்கள். மன்னிப்புக் கேட்டால் மறுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகிவிடும். அதற்குப் பதில், வேறு எந்த விஷயமாகவாவது நீங்களே முதலில் பேசுங்கள்: வேலை சம்பந்தமான ஒரு கேள்வி, காலை வணக்கம், அவருடைய பிள்ளையின் தேர்வு எப்படி இருந்தது என்பது போல. மறுத்தது அந்தப் பேச்சைத்தான், அவரை அல்ல என்பதைச் சொல்லிக் காட்ட முடியாது; இப்படித்தான் காட்ட முடியும்.

என் விஷயத்தில் அந்தக் கூட்டத்துக்கு மறுநாள், முதலில் கணக்கு அனுப்புபவரிடம் போய், "எனக்குத் தாமதமானது ஒருமுறைதான், அதை உங்களிடமே சொல்லியிருக்க வேண்டும்" என்று சொன்னேன். அவர் தலையசைத்தார், வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை பக்கத்து இருக்கையிலிருந்து செய்தி வந்தபோது, மேலே உள்ள மூன்று வாக்கியங்களை அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. அன்று மட்டுமல்ல, அந்த வாரம் முழுவதும் அவர் இருக்கையை விட்டு எழும்போது என் பக்கம் திரும்பவில்லை. அடுத்த வாரம் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், "அவரிடம் கேட்டால் சண்டை ஆகிவிடாதா?" என்றார். "எத்தனை மணிக்கு வந்தால் உங்களுக்கு வேலை நடக்கும்?" என்று கேட்டேன். அதுவரை அதை அவர் தமக்குள்கூடக் கேட்டுப் பார்த்ததில்லை போலும். சற்று யோசித்து, "மூன்று மணி" என்றார். "எப்போதும் தாமதம்" என்பதை விட்டுவிட்டு, "மூன்று மணிக்குக் கிடைத்தால் என்னால் அன்றே அறிக்கையை முடிக்க முடியும், முடியுமா?" என்று கேட்கலாம் என்று இருவருமாகச் சேர்ந்து அந்த வாக்கியத்தை அமைத்தோம்.

அவர் கேட்டார். மற்றவருக்கு வேண்டிய விவரங்களே மதியம் இரண்டரை மணிக்குத்தான் வேறொரு பிரிவிலிருந்து வந்துகொண்டிருந்தன என்பது அப்போதுதான் வெளிவந்தது. மூன்று மணி என்பது நடக்கவில்லை. நான்கு மணி என்று ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் நண்பர்கள் ஆகிவிடவில்லை, என் பக்கத்து இருக்கைக்காரரும் முன்புபோல என்னோடு மனம் விட்டுப் பேசவில்லை. கணக்கு மட்டும் நான்கு மணிக்கு வரத் தொடங்கியது.